மூன்று முறை திருப்பினால் வரிசை சுழலும்

எட்டு வரிகள் கொண்ட ஒரு கோப்பு. அதில் இரண்டாம், மூன்றாம் வரிகளை எடுத்து ஏழாம் வரிக்குக் கீழே வைக்க வேண்டும். இன்றைக்கு மவுஸால் அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து, வெட்டி, வேண்டிய இடத்தில் ஒட்டிவிடுவோம். மவுஸ் புழக்கத்துக்கு வராத காலம் ஒன்று இருந்தது. டெலிடைப் இயந்திரத்தின் காகிதச் சுருளில் தட்டச்சு செய்துதான் கணினியோடு பேச வேண்டும். அப்போது யூனிக்ஸ் கணினிகளில் இருந்த `ed` என்ற எடிட்டரில் இந்த வேலைக்கு ஒரே கட்டளை போதும். லினக்ஸில் இன்றும் அதே கட்டளைதான்:

```
2,3m7
```

‘2 முதல் 3 வரையுள்ள வரிகளை 7-க்குப் பின்னால் நகர்த்து’ என்று இதற்குப் பொருள். கட்டளை கொடுத்தவரின் வேலை அத்துடன் முடிந்தது. எடிட்டரின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

எடிட்டர் வரிகளின் எழுத்துகளைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. எழுத்துகள் ஒரு தற்காலிகக் கோப்பில் கிடக்கும். எந்த வரி அங்கே எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற குறிப்பை மட்டும் நினைவகத்தில் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கும். இப்படி அடுத்தடுத்த இடங்களில் ஒரே வகைத் தகவலை வைக்கும் அமைப்பைத்தான் புரோகிராமர்கள் அரே என்கிறார்கள்; நம் பாடப்புத்தகங்களில் அது அணி. அணியில் குறிப்புகளின் வரிசை மாறினால் கோப்பில் வரிகளின் வரிசை மாறியதாகப் பொருள்.

ஆக, அணியில் இருக்கும் 1 2 3 4 5 6 7 8 என்ற வரிசை 1 4 5 6 7 2 3 8 என்று மாற வேண்டும். முதல் வரியும் எட்டாம் வரியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நடுவிலுள்ள ஆறுக்குத்தான் வேலை: 2 3 4 5 6 7 என்பது 4 5 6 7 2 3 என்று ஆக வேண்டும். எல்லாமே இரண்டு இடம் இடப்பக்கம் நகர்கின்றன. இடது ஓரத்தில் இடமில்லாமல் வெளியே விழும் இரண்டும் வலது ஓரத்தில் வந்து சேர்கின்றன. ஆறு இடங்களையும் வட்டமாக வளைத்து வைத்ததாக நினைத்தால், வட்டம் மொத்தமாக இரண்டு இடம் சுழன்றிருக்கிறது. அணியைச் சுழற்றுவது என்று இதைத்தான் சொல்கிறோம். அணியில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கையை n என்றும், எத்தனை இடம் சுழற்ற வேண்டும் என்பதை k என்றும் குறிப்பது வழக்கம். இங்கே n ஆறு, k இரண்டு.

எட்டு கிலோபைட்டுக்குள்

முதலில் தோன்றும் வழி மிக எளிது. 2, 3 இரண்டையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்கலாம். மற்ற நான்கையும் இரண்டு இடம் முன்னே இழுக்கலாம். பிறகு நகலை வால்பகுதியில் எழுதலாம். இரண்டு வரிகளுக்கு இது போதும். ஆனால் பயனர் ஐந்நூறு வரிகளை நகர்த்தச் சொன்னால் ஐந்நூறு குறிப்புகளுக்குக் கூடுதல் இடம் வேண்டும்.

1971-இல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11/20 கணினியின் மொத்த நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 கிலோபைட்டை இயங்குதளமே எடுத்துக்கொண்டது. பயனரின் புரோகிராமுக்கு எஞ்சியது 8 கிலோபைட். எடிட்டரின் கட்டளைகள், அது கையாளும் குறிப்புகள் எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டும். ஒரு குறிப்புக்கு 2 பைட் என்று வைத்தாலும் ஐந்நூறு குறிப்புகளின் நகலுக்கு ஆயிரம் பைட் போய்விடும். அத்துடன், பயனர் எத்தனை வரி கேட்பார் என்று முன்கூட்டியே தெரியாததால் எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பதும் தெரியாது.

நகல் வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. முதல் உறுப்பை மட்டும் வெளியே எடுத்து, மற்றவற்றை ஓரிடம் நகர்த்தி, எடுத்ததைக் கடைசியில் வைக்க வேண்டும். இதையே k தடவை செய்தால் சுழற்சி முடியும். கூடுதல் இடம் ஒரே ஒரு உறுப்புக்குத்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அணி முழுவதையும் நகர்த்த வேண்டியிருக்கிறது. பத்து லட்சம் உறுப்புகளை மூன்று லட்சம் இடம் சுழற்றினால் முப்பதாயிரம் கோடி நகர்வுகள் ஆகும்.

இடமும் நேரமும் இரண்டுமே மிச்சமாகும் வழியை ஜான் பென்ட்லி தம்முடைய ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’ நூலில் விவரிக்கிறார். அந்த எடிட்டரையும் அதிலுள்ள திருப்பும் நிரலையும் கென் தாம்சன் 1971-இல் எழுதினார் என்றும், அப்போதே அது புரோகிராமர்களிடையே வாய்வழியாகப் புழங்கிய உத்தி என்று தாம்சன் சொன்னதாகவும் பென்ட்லி பதிவு செய்திருக்கிறார். யார் முதலில் கண்டுபிடித்தார் என்று அவர் யார் பெயரையும் சொல்லவில்லை.

செய்முறை

இந்த உத்திக்குத் தேவையான கருவி ஒன்றே ஒன்று: அணியின் ஒரு பகுதியை அதே இடத்தில் தலைகீழாகத் திருப்புவது. பகுதியின் முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் இடம் மாற்ற வேண்டும். பிறகு இரண்டாவதையும் கடைசிக்கு முந்தையதையும். இப்படியே இரு ஓரங்களிலிருந்தும் உள்ளே வந்து நடுவில் சந்தித்ததும் நிறுத்திவிடலாம். இரண்டு உறுப்புகளை இடம் மாற்றும் நேரத்தில் ஒன்றைப் பிடித்துவைக்க ஓரிடம் வேண்டும். அதைத் தவிரக் கூடுதல் நினைவகம் எதுவும் தேவையில்லை.

இப்போது நம் ஆறு வரிகளை எடுத்துக்கொள்வோம். முதல் k உறுப்புகளை முன்துண்டு என்றும் மீதியைப் பின்துண்டு என்றும் அழைப்போம். முதலில் முன்துண்டை மட்டும் திருப்புகிறோம். அடுத்து பின்துண்டை மட்டும். கடைசியாக ஆறையும் சேர்த்து.

```
2 3 4 5 6 7    தொடக்கம்
3 2 4 5 6 7    முன்துண்டு திரும்பியது
3 2 7 6 5 4    பின்துண்டு திரும்பியது
4 5 6 7 2 3    முழுதும் திரும்பியது
```

கேட்ட விடை வந்துவிட்டது. பைத்தானில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
def reverse(a, i, j):
    while i < j:
        a[i], a[j] = a[j], a[i]
        i += 1
        j -= 1

def rotate_left(a, k):
    n = len(a)
    if n == 0:
        return
    k %= n
    reverse(a, 0, k - 1)
    reverse(a, k, n - 1)
    reverse(a, 0, n - 1)
```

பிரையன் கெர்னிகனும் பி. ஜே. பிளாகரும் 1981-இல் வெளியிட்ட ‘சாஃப்ட்வேர் டூல்ஸ் இன் பாஸ்கல்’ நூலிலுள்ள எடிட்டரும் வரிகளை நகர்த்த இதே வழியைத்தான் கையாள்கிறது. எழுதி முதல்முறை ஓட்டியபோதே அது சரியாக வேலை செய்தது என்றும், அதற்கு முன் இதே வேலைக்கு லிங்க்டு லிஸ்ட்டை வைத்து எழுதிய நிரலில் பல பிழைகள் இருந்தன என்றும் கெர்னிகன் சொன்னதாகப் பென்ட்லி எழுதுகிறார். காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. லிங்க்டு லிஸ்ட்டில் ஒவ்வோர் உறுப்பும் அடுத்தது யார் என்று கைகாட்டிக்கொண்டு நிற்கும். ஒரு துண்டைப் பிடுங்கி வேறிடத்தில் செருகும்போது அதன் இரு முனைகளும், பிடுங்கிய இடமும், செருகும் இடமும் சரியாக இணைய வேண்டும். ஓர் இணைப்பு பிசகினாலும் சங்கிலி அறுந்துவிடும். திருப்பும் முறையில் சரிபார்க்க வேண்டியவை மூன்று அழைப்புகளின் எல்லைகள் மட்டும்.

ஏன் சரியாக வருகிறது?

முழு அணியையும் ஒருமுறை திருப்பினால் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம். 2 3 4 5 6 7 என்பது 7 6 5 4 3 2 ஆகும். நமக்கு வேண்டியதில் பாதி இதிலேயே கிடைத்துவிட்டது: பின்துண்டின் உறுப்புகள் முன்னால் வந்துவிட்டன, முன்துண்டின் உறுப்புகள் பின்னால் போய்விட்டன. கெட்டுப்போனது ஒன்றுதான். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் வரிசை தலைகீழாகிவிட்டது. 4 5 6 7 என்று இருக்க வேண்டியது 7 6 5 4 என்று நிற்கிறது.

இந்தக் கேட்டை முன்கூட்டியே ஈடுகட்டத்தான் முதல் இரண்டு திருப்பல்கள். எப்படியும் தலைகீழாகப் போகிறது என்று தெரிந்தால், அதற்கு முன்பே ஒருமுறை தலைகீழாக்கி வைத்துவிடலாம். இருமுறை திருப்பியது பழைய நிலைக்கே வரும். ஒவ்வொரு துண்டும் தனியாக ஒருமுறை, முழு அணியோடு சேர்ந்து ஒருமுறை என மொத்தம் இரண்டு முறை திரும்புகிறது. அதனால் அதன் உள்வரிசை கெடுவதில்லை. துண்டுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறுவது ஒரே முறைதான், கடைசித் திருப்பலில். அதனால் அந்த மாற்றம் நிலைக்கிறது.

பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் இதைக் கைகளாலேயே காட்டியதாகப் பென்ட்லியின் நூலில் ஒரு படம் உண்டு. உள்ளங்கைகள் உங்களைப் பார்க்க, கட்டைவிரல்கள் மேலே இருக்க, இடக்கையை வலக்கைக்கு மேலே பிடியுங்கள். மேலிருந்து கீழாகப் பத்து விரல்கள் பத்து உறுப்புகள். இடக்கையை மட்டும் திருப்பினால் அதன் கட்டைவிரல் கீழே வரும். வலக்கையையும் அப்படியே திருப்புங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து ஒன்றாகத் திருப்பினால் வலக்கை மேலேயும் இடக்கை கீழேயும் வந்திருக்கும். இரண்டு கட்டைவிரல்களும் பழையபடி மேல்நோக்கி நிற்கும்.

இடங்களின் கணக்கு

மேலே சொன்ன விளக்கமே போதும் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் மூன்று திருப்பல்களுக்குள் ஒரு நேர்த்தியான கணக்கு ஒளிந்திருக்கிறது. அதற்குக் கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

அணியின் இடங்களுக்குக் கணினி வழக்கப்படி சுழியத்திலிருந்து எண் கொடுப்போம்: 0, 1, 2, 3, 4, 5. முதல் இரண்டு திருப்பல்களும் முடிந்தபின் எந்த இடத்திலிருந்தது எங்கே போயிருக்கிறது? முன்துண்டில் 0-இல் இருந்தது 1-க்கும், 1-இல் இருந்தது 0-க்கும் போயிருக்கின்றன. பின்துண்டில் 2-இல் இருந்தது 5-க்கும், 3-இல் இருந்தது 4-க்கும், 4-இல் இருந்தது 3-க்கும், 5-இல் இருந்தது 2-க்கும் போயிருக்கின்றன.

ஒவ்வொன்றுக்கும் பழைய இடத்தையும் புதிய இடத்தையும் கூட்டிப் பாருங்கள். முன்துண்டில் எப்போதும் 1 வருகிறது. பின்துண்டில் எப்போதும் 7 வருகிறது. ஆறு இடங்களும் வட்டமாக இருந்தால் ஆறு எட்டு வைத்தவர் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவார். எனவே வட்டத்தில் 7-ஆம் இடமும் 1-ஆம் இடமும் ஒன்றே. அதாவது, நாம் தனித்தனியாகச் செய்த இரண்டு திருப்பல்களும் வட்டத்தின் கண்ணுக்கு இரண்டு அல்ல. ‘பழைய இடமும் புதிய இடமும் சேர்ந்தால் 1’ என்ற ஒரே விதி அணி முழுவதற்கும் நடந்திருக்கிறது. வட்டத்தின் குறுக்கே ஒரு கண்ணாடியை நிறுத்தி, எல்லாவற்றையும் அதில் பிரதிபலித்தது போன்ற மாற்றம் இது.

மூன்றாவது திருப்பலில் 0-இல் இருப்பது 5-க்கும், 1-இல் இருப்பது 4-க்கும் போகின்றன. இங்கே கூட்டுத்தொகை எப்போதும் 5. இதுவும் ஒரு பிரதிபலிப்புதான். கண்ணாடி மட்டும் வேறு கோணத்தில் நிற்கிறது.

இரண்டையும் சேர்ப்போம். p என்ற இடத்தில் இருந்த உறுப்பு முதலில் 1 − p என்ற இடத்துக்குப் போகிறது. அங்கிருந்து 5 − (1 − p) என்ற இடத்துக்குப் போகிறது. சுருக்கினால் p + 4. கழித்தல் குறி இருமுறை வந்து ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. எல்லா உறுப்புகளும் ஒரே அளவு, நான்கு இடம், வலப்பக்கம் நகர்ந்திருக்கின்றன. ஆறு இட வட்டத்தில் வலப்பக்கம் நான்கு போவதும் இடப்பக்கம் இரண்டு போவதும் ஒன்றே. நாம் கேட்ட k இரண்டுதான்.

பொதுவாகச் சொன்னால் முதல் கூட்டுத்தொகை k − 1, இரண்டாவது n − 1. இவற்றின் வித்தியாசம் n − k. ஆகவே ஒவ்வோர் உறுப்பும் n − k இடம் வலப்பக்கம், அதாவது k இடம் இடப்பக்கம் நகர்கிறது. ஒரு கண்ணாடியில் பார்த்தால் இடவலம் மாறும். அந்தப் பிம்பத்தை இன்னொரு கண்ணாடியில் பார்த்தால் இடவலம் சரியாகிவிடும். ஆனால் பிம்பம் நகர்ந்திருக்கும். மூன்று திருப்பல்கள் சுழற்சியாக மாறுவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்: அவை உண்மையில் இரண்டே பிரதிபலிப்புகள், இரண்டு பிரதிபலிப்புகள் சேர்ந்தால் சுழற்சி.

எவ்வளவு வேலை?

நம் எடுத்துக்காட்டில் முன்துண்டைத் திருப்ப ஒரு இடமாற்றம், பின்துண்டுக்கு இரண்டு, முழுதுக்கும் மூன்று. மொத்தம் ஆறு. உறுப்புகளின் எண்ணிக்கையும் ஆறு. இது தற்செயல் அல்ல. ஒரு பகுதியைத் திருப்ப அதன் நீளத்தில் பாதி இடமாற்றங்கள் போதும். இரண்டு துண்டுகளும் சேர்ந்து ஒரு முழு நீளம், அதன்பின் இன்னொரு முழு நீளம். இரண்டு அரைகள் சேர்ந்தால் ஒன்று. ஆகவே இடமாற்றங்கள் n-ஐத் தாண்டுவதே இல்லை. பத்து லட்சம் உறுப்புகளை மூன்று லட்சம் இடம் சுழற்ற ஒன்றரை லட்சம், மூன்றரை லட்சம், ஐந்து லட்சம் என மொத்தம் பத்து லட்சம் இடமாற்றங்கள். முன்பு பார்த்த முப்பதாயிரம் கோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். k எவ்வளவு என்பதைப் பொறுத்து வேலை கூடுவதும் இல்லை.

இதைவிடக் குறைவான நகர்வுகளில் முடிக்கும் முறையும் உண்டு. முதல் உறுப்பைக் கையில் எடுத்துவைத்து, காலியான இடத்துக்கு k இடம் தள்ளியிருப்பதைக் கொண்டுவந்து, அது விட்டுவந்த இடத்துக்கு அதற்கும் k இடம் தள்ளியிருப்பதை என்று தாவித் தாவிப் போகலாம். இதில் ஒவ்வோர் உறுப்பும் ஒரே தடவை நகர்ந்து தன் சரியான இடத்தில் உட்காரும். ஆனால் இரண்டு சிக்கல்கள். நம் ஆறு வரிகளில் இரண்டிரண்டாகத் தாவினால் 0, 2, 4 ஆகிய இடங்களை மட்டும் தொட்டுவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுவோம். 1, 3, 5 அப்படியே கிடக்கும். n, k இரண்டின் மீப்பெரு பொதுக்காரணி எத்தனையோ அத்தனை சுற்று வர வேண்டும் என்பதை நினைவில் வைத்து எழுத வேண்டும். அடுத்தது வன்பொருள் சார்ந்தது. இன்றைய செயலிகள் நினைவகத்திலிருந்து ஒரே ஒரு எண்ணை மட்டும் எடுத்து வருவதில்லை. பக்கத்தில் உள்ளவற்றையும் சேர்த்து, பெரும்பாலும் 64 பைட்டாக, கேஷ் எனப்படும் வேக நினைவகத்துக்கு அள்ளிக்கொண்டு வருகின்றன. தூரத் தாவல்களில் அள்ளி வந்ததில் பெரும்பகுதி வீணாகிறது. திருப்பும் முறை அடுத்தடுத்த இடங்களில் நடப்பதால், ஒவ்வோர் உறுப்பையும் இரண்டு தடவை தொட்டாலும், பெரிய அணிகளில் அதுவே முந்திவிடுவதுண்டு.

பிழை எங்கே வரும், எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிகம் நடப்பது திசைக் குழப்பம். சிலர் முழு அணியையும் முதலில் திருப்பிவிட்டு, பிறகு முதல் k உறுப்புகளையும் மீதியையும் திருப்புவார்கள். நம் எடுத்துக்காட்டில் அப்படிச் செய்தால் 6 7 2 3 4 5 வரும். இதுவும் சுழற்சிதான், ஆனால் வலப்பக்கம். முழுதையும் முதலில் திருப்பியபின் இடச் சுழற்சி வேண்டும் என்றால், வெட்டும் இடம் k அல்ல, n − k.

இந்தப் பிழைக்கு ஒளிந்துகொள்ள நல்ல இடம் ஒன்று உண்டு. எட்டு உறுப்புகளை நான்கு இடம் சுழற்றிச் சோதித்தால் இடமோ வலமோ விடை ஒன்றே. n-இல் சரிபாதியாக k-ஐ வைத்துச் செய்யும் சோதனை திசையைப் பற்றி எதுவுமே சொல்லாது. மெக்கில்ராயின் கைகளும் பத்தில் ஐந்துதான் என்பதைக் கவனியுங்கள். ஐந்து உறுப்புகளை இரண்டு இடம் சுழற்றிப் பார்ப்பது நல்ல சோதனை.

அடுத்தது எல்லை ஒன்று தவறுவது. முதல் அழைப்பில் `k - 1` என்பதற்குப் பதில் `k` என்று எழுதிவிட்டால், நடுவிலுள்ள ஓர் உறுப்பு இரண்டு துண்டுகளிலும் மாட்டிக்கொள்ளும். நம் ஆறு வரிகளும் அப்போது 2 5 6 7 3 4 என்று வெளியே வரும்.

விடை தவறாக வந்தால் எந்த வகைப் பிழை என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. சுழற்சியில் ஓர் உறுப்புக்கு அடுத்து நிற்பவர் மாறவே கூடாது. கடைசி உறுப்புக்கு அடுத்தவர் முதல் உறுப்பு என்று வட்டமாகக் கொள்ள வேண்டும். 6 7 2 3 4 5 என்பதில் எல்லோருக்கும் பழைய பக்கத்து வீட்டுக்காரரே இருக்கிறார். அப்படியானால் திருப்பல்கள் சரி. திசையோ k-யோதான் தவறு. 2 5 6 7 3 4 என்பதில் 2-க்கு அடுத்து 5 நிற்கிறது. வட்டமே உடைந்திருக்கிறது; எல்லைகளைச் சரிபார்க்க வேண்டும்.

k-இன் மதிப்பும் தொல்லை தரும். ஆறு உறுப்புகளை எட்டு இடம் சுழற்றச் சொன்னால் இரண்டு இடம் சுழற்றுவதற்குச் சமம். அதனால்தான் k-ஐ n-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்கிறோம். அணி காலியாக இருந்தால் சுழியத்தால் வகுக்க நேரும். அதைத் தடுக்கவே நிரலில் அந்த முன்சோதனை. k குறை எண்ணாக வந்தால் பைத்தானில் மீதி நல்லபடியாக மிகை எண்ணாகவே கிடைக்கும். சி மொழியில் மீதியும் குறை எண்ணாகவே வரும். அதை அப்படியே விட்டால் நிரல் அணிக்கு வெளியே கைவைக்கும்.

தமிழ் எழுத்தில் ஒரு சோதனை

‘கடல்மீன்’ என்ற சொல்லைச் சுழற்றி ‘மீன்கடல்’ ஆக்க வேண்டும். கண்ணுக்கு க, ட, ல் என மூன்று எழுத்துகளை முன்னாலிருந்து பின்னால் அனுப்ப வேண்டும் என்று தோன்றும். k-ஐ மூன்று என்று கொடுத்தால் புள்ளி தனியே பிரிந்து சொல்லின் தலையில் வந்து நிற்கும். பல திரைகளில் அது புள்ளிகளால் ஆன வட்டத்தோடு தெரியும். காரணம், யூனிகோடில் ‘ல்’ என்பது ஓர் எழுத்தல்ல. ‘ல’ ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறியீடுகள். ‘மீ’யும் ‘ன்’னும் அப்படியே. ஆகச் சொல்லில் எட்டுக் குறியீடுகள், k நான்கு.

நான்கு என்று கொடுத்து நிரலை நடுவில் நிறுத்திப் பார்த்தால், புள்ளி ‘ல’வுக்கு முன்னாலும் ஈகாரக் குறி ‘ம’வுக்கு முன்னாலும் நிற்கும், படிக்கவே முடியாது. மூன்றாம் திருப்பல் முடிந்ததும் எல்லாம் ஒழுங்காகிவிடும். பைட் அளவிலும் இதே கதைதான். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்; சொல்லுக்கு 24 பைட். பன்னிரண்டு பைட் சுழற்றினால், இடையில் செல்லாத பைட் வரிசைகள் உருவானாலும், கடைசியில் ‘மீன்கடல்’ சரியாகவே வரும். துண்டுக்குள் இருக்கும் எதுவும் இருமுறை திரும்பிப் பழைய நிலைக்கே வந்துவிடும் என்பதால், துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று நிரலுக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. வெட்டும் இடம் மட்டும் எழுத்தின் நடுவில் விழக்கூடாது.

எங்கே உதவாது?

இடைநிலை குழம்பியிருக்கும் என்பதுதான் இந்த முறையின் உண்மையான வரம்பு. சுழற்சி நடக்கும்போதே வேறொரு நிரல் அதே அணியைப் படித்தால், முன்பும் பின்பும் இல்லாத ஒரு வரிசையைப் பார்க்கும். அப்படிப்பட்ட இடங்களில் வேலை முடியும்வரை பூட்டு போட்டு வைக்க வேண்டும், அல்லது நகலெடுத்துச் சுழற்றிவிட்டுப் பழையதற்குப் பதிலாக வைக்க வேண்டும். பைத்தானில் `a[k:] + a[:k]` என்று எழுதினால் புதிய பட்டியல் கிடைப்பது இப்படித்தான். நினைவகம் தாராளமாக இருந்தால் அதில் குற்றமில்லை.

இன்னொரு தேவை, இரு ஓரங்களிலிருந்தும் உள்ளே வர முடிய வேண்டும் என்பது. முன்னோக்கி மட்டுமே நடக்கக்கூடிய அமைப்புகளில் திருப்புவதே சிரமம். சி++ மொழியின் `std::rotate` இதை நன்றாகக் காட்டுகிறது. ஜிசிசி கம்பைலருடன் வரும் நூலகத்தில், முன்னும் பின்னும் நடக்கலாம், ஆனால் நினைத்த இடத்துக்குத் தாவ முடியாது என்ற வகை அமைப்புகளுக்கு இந்தத் திருப்பும் முறை இருக்கிறது. முன்னோக்கி மட்டும் நடப்பவற்றுக்கும், நினைத்த இடத்துக்குத் தாவக்கூடியவற்றுக்கும் வேறு முறைகள் வைத்திருக்கிறார்கள்.

காரணத்தைப் புரிந்துகொண்டவர்களுக்கு இதே கருவி இன்னொரு வேலையும் செய்யும். எட்டு வரிகளில் 2, 3-ஐயும் 7, 8-ஐயும் இடம் மாற்ற வேண்டும், இடையிலுள்ள 4, 5, 6 அதே ஒழுங்கில் நடுவிலேயே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று துண்டுகளையும் தனித்தனியே திருப்பி, பிறகு 2 முதல் 8 வரை மொத்தமாகத் திருப்பினால் போதும். 3 2 6 5 4 8 7 என்று இருப்பது 7 8 4 5 6 2 3 ஆகிவிடும். துண்டுகள் மூன்றானாலும் முப்பதானாலும் விதி மாறாது: ஒவ்வொன்றையும் ஒருமுறை, எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறை.